ஆறாயிரத்து முந்நூற்று எண்பது பேர்

தேனுகாவுக்குக் கோபம் வந்தால் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் தாமாகவே திறந்துகொள்ளும். சரி, இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். கதவைத் திறப்பது நீர்ப்பாசனத் திணைக்களம். அவர்கள் எவருடைய கோபத்துக்கும் அசைந்ததாகக் கேள்வியில்லை. ஆனால் அந்தப் புதன்கிழமை மத்தியானம் அவள் மேசையில் அடித்த அடியில் கண்ணாடி அலுமாரிக்குள் தொங்கிய ரெலிபோன் உறைகள் எல்லாம் பொலபொலவென்று விழுந்தது மெய். எல்லாம் என்றால், ஒரு பத்து.

கடையின் பெயர் 'தேனு கொமினிகேசன்'. குளத்துக்குப் போகும் வழியில், வாய்க்கால் பாலத்துக்கு இந்தப் பக்கம். போட்டோக் கொப்பி, லமினேற், கடிதம் தட்டச்சு, ரீலோட் என்று வெளியே எழுதியிருக்கும். அவளுடைய லமினேற் மெசினில் ஒருமுறை கலியாணக் கார்ட்டோடு ஒரு பல்லியும் சேர்ந்து போய், வாலும் கண்ணுமாகத் தட்டையாக வந்தது என்று ஊரில் ஒரு கதை. பல்லியில்லை, எறும்பு. ஆனாலும் பொம்பிளை வீட்டார் கார்ட்டைத் திருப்பித் தந்தார்கள்.

வயது முப்பத்தாறு. தகப்பன் வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து, முதலாம் வாய்க்காலில் மூன்று ஏக்கர் வயல் செய்தவர். யுத்தம் முடிந்த வருசம் செட்டிகுளத்து முகாமில் இருந்தபோது அவளுக்கு இருபது. ஏ.எல். படித்தவள், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். கூடாரத்துக் கூடாரம் போய்ச் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். பட்டியலில் பெயர் இல்லாத ஆளுக்கு வரிசையில் இடமில்லை என்பதை அவள் அங்கேதான் கண்டாள். ஒரு தாய் இரண்டு நாள் வரிசையில் நின்று, 'பேரில்லை' என்ற ஒற்றைச் சொல்லோடு திரும்பிப் போனதையும் கண்டாள். அன்றிலிருந்து யாராவது 'பட்டியலில் இல்லை' என்று சொன்னால் அவளுக்குக் காதுமடல் சிவந்துவிடும். புருசன் சதீஸ் ஓட்டோ ஓடுகிறவன். மேலே இரட்டை ஒலிபெருக்கி கட்டி, செத்த வீடு, திருவிழா, சங்கக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அறிவித்தல் சொல்கிறவன். மனைவியின் காதுமடல் சிவந்தால் அவன் ஓட்டோவைத் துடைக்கப் போய்விடுவான். ஓட்டோ பளபளவென்று இருப்பதன் காரணம் அதுதான்.

அன்று அடிக்கக் காரணம் ஒரு கடதாசி.

கொண்டு வந்தவர் வடிவம்மா. குளத்துக்குக் கீழுள்ள மூன்று ஊர்களையும் சேர்த்துப் போகும் வாய்க்காலின் கடைசிக் கிளையில், ஒன்பதாம் வாய்க்காலில், இரண்டு ஏக்கர் வயல் செய்கிற மனுசி. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். அப்பன் காடு வெட்டின காணியில் இன்றுவரை தானே மண்வெட்டி பிடிக்கிறவர். காணிப் பெர்மிட்டைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார்.

"தேனும்மா, இத ஒரு கொப்பி அடிச்சிக் குடு. ஒரு மன்னிப்புக் கடுதாசியும் எழுதணும்."

"ஏன் மன்னிப்பு? என்ன செய்தனீங்கள்?"

"சிறுபோக வெள்ளாமைக்குப் பதியலயாம். வெள்ளிக்கிழமையோட முடிஞ்சிரிச்சாம். எங்க வாய்க்கா ஆளுங்க ஒருத்தரும் பதியல. பட்டியல் நாளைக்குப் பத்து மணிக்குத் திணைக்களத்துக்குப் போகுது. அதுல பேர் இல்லாட்டி இந்தப் போகம் தண்ணி இல்லயாம்."

காதுமடல் சிவக்கத் தொடங்கியது. "உங்களுக்கு ஒருதரும் சொல்லேல்லையோ?"

"அதைத்தாம்மா கேட்டேன். வயல்காரங்களோட கமக்காரர் அமைப்புச் செயலாளர் தம்பி இந்தக் கடுதாசியக் காட்டினாரு. எல்லாருக்கும் சொல்லியாச்சு, எண்ணிக்கையோட இருக்குது, நீங்க எல்லாம் தூங்கிட்டு வந்து கத்துறீங்கனு சொன்னாரு. நான் ஒரு கொப்பி கேட்டேன். தந்தாரு. நீ படிச்சுச் சொல்லு, எங்க பிழைனு."

தேனுகா கடதாசியை வாங்கினாள். தலைப்பில் அவளுடைய கடையின் பெயர். நடுவில் அவளே தட்டிய தடித்த எழுத்து:

*சிறுபோகப் பதிவு அறிவித்தல். சென்றடைந்தோர்: 6,380 பேர்.*

கீழே செயலாளர் பிரதாபன் நீல மையில் எழுதியிருந்தார்: 'மூன்று கிராம மொத்தச் சனத்தொகை 5,140. எனவே அனைவருக்கும் அறிவிக்கப்பட்டுவிட்டது.'

அப்போதுதான் அந்த அடி விழுந்தது.

அந்த அறிவித்தல் போன கதை இது. வழக்கமாகச் சதீஸ்தான் ஓட்டோவில் வாய்க்கால் வாய்க்காலாகப் போய்ச் சொல்வான். இந்த முறை பிரதாபன் வந்து, "உலகம் எங்கையோ போகுது, நாங்கள் இன்னும் ஓட்டோவிலை கத்திக்கொண்டு திரியிறம். பேஸ்புக்கிலை போடுவம்" என்றார். தேனுகா போட்டாள். வரைபடத்தில் மூன்று ஊருக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்தாள், சுற்றி ஐந்து கிலோமீற்றருக்கு வட்டம் விரித்தாள், பதினெட்டு வயதுக்கு மேல் என்று குறித்தாள். இத்தனை பேரைச் சென்றடையலாம் என்று திரை ஒரு உத்தேசம் காட்டியது: ஒன்பதாயிரத்திலிருந்து பத்தாயிரத்து அறுநூறு வரை. ஊரில் அவ்வளவு சனம் ஏது என்று ஒரு கணம் தோன்றியது. கூடினால் நல்லதுதானே என்று விட்டுவிட்டாள். இப்போது அந்த ஒரு கணத்தை நினைத்துத்தான் பல்லைக் கடித்தாள்.

அதைவிடப் பெரிய பிழை வேறு. ஏழு நாள் ஓடி முடிந்து அறிக்கை வந்தபோது, அதில் 'பேர்' என்று இருக்கவில்லை. சென்றடைந்த *கணக்குகள்* என்றே இருந்தது. தமிழில் தட்டி எடுத்தவள் அவள். 'சென்றடைந்த கணக்குகள் 6,380' என்று தட்டிவிட்டுப் பார்த்தாள். கமக்காரர் அமைப்பிலே 'கணக்கு' என்ற சொல்லைக் கேட்டாலே ஆட்கள் கதிரையைத் தூக்குவார்கள். போன வருசக் கணக்கு, முந்தின தலைவர் காட்டாத கணக்கு என்று மூன்று வருசமாகச் சண்டை. இந்தச் சொல்லைப் போட்டால் அறிக்கையை விட்டுவிட்டு அடிபடத் தொடங்குவார்கள் என்று நினைத்து, அழித்துவிட்டுப் 'பேர்' என்று மாற்றினாள். வடிவாக இருக்கட்டும் என்று லமினேற்றும் அடித்தாள்.

ஒரு சொல். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஒரு வாய்க்காலின் தண்ணீரை மறித்திருக்கிறார்கள்.

"எழும்புங்கோ அம்மா. மன்னிப்புக் கடிதம் ஒண்டும் எழுதத் தேவையில்லை" என்றாள்.

"அப்ப பிழை எங்க?"

"இங்கை." தன் நெஞ்சில் ஒரு விரலால் குத்திக் காட்டினாள். "மிச்சம் அங்கை. வாங்கோ."

அவள் கடையைப் பூட்டப் போகிற நேரம் பார்த்துத்தான் சுமன் வந்து குதித்தான். குளத்தில் மீன்பிடிக்கிற இருபத்தைந்து வயது இளந்தாரி. காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அக்கா, போன் குளத்துக்கை போட்டுது. பழசு ஒண்டு வாங்கிட்டன். புது பேஸ்புக் ஒண்டு போட்டுத் தாங்கோ."

"பழைய பேஸ்புக்குக்கு என்ன?"

"பாஸ்வேட் ஆருக்குத் தெரியும்? புதுசு லேசு."

கிளிநொச்சிப் பக்கத்தில் இது ஒரு வழக்கம். போன் தொலைந்தால், சிம் மாறினால், கடவுச்சொல் மறந்தால், பெட்டையோடு கோபம் வந்தால், எல்லாவற்றுக்கும் மருந்து புது முகநூல்தான். பழையதை மீட்க ஒருவரும் மினக்கெடுவதில்லை. ஊர்க்காரருக்கு அதைப் போட்டுக் கொடுத்தவள் வேறு யாருமல்ல, தேனுகாவேதான். மறந்துபோவார்கள் என்று ஆளின் பெயர், ஊர், முகநூல் பெயர் எல்லாவற்றையும் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பாள்.

பூட்டை மேசையில் வைத்துவிட்டுக் கொப்பியை இழுத்தாள். சுமன், சுமன், சுமன் குட்டி, இரணைமடு சுமன். இதுவரை நான்கு.

"இதுகளிலை எத்தினை இப்பவும் திறந்து பாக்கிறனி? உண்மை சொல்லு. செத்துப்போன கணக்கு எனக்குத் தேவையில்லை, உயிரோடை இருக்கிறது வேணும்."

சுமன் தலையைச் சொறிந்தான். "மூண்டு. ஒண்டு அண்ணன்ரை போனிலை கிடக்கு, பாப்பன். ஒண்டு தம்பியின்ரை ராப் கொம்பியூட்டரிலை. மற்றது... மற்றதிலை பேரை மாத்திட்டன், இப்ப நான் வினோஜா."

"என்ன?"

"பொம்பிளைப் பேரிலை, அக்கா. கிரிக்கெட் ரீமிலை இருக்கிற பெடியளைப் பேய்க்காட்ட. ரெண்டு பேர் கலியாணம் கட்டக் கேட்டிட்டாங்கள்."

வடிவம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தேனுகா சிரிக்கவில்லை. "சிறுபோகப் பதிவு விளம்பரம் கண்டனியோ?"

"அதையோ? கண்டு கண்டு வெறுத்துப்போச்சு. மூண்டிலையும் வந்தது. வினோஜாவுக்குக்கூட வந்தது. எனக்கு வயலே இல்லை அக்கா."

ஒரு வயலும் இல்லாத சுமனை அந்த அறிக்கை மூன்று பேராக எண்ணியிருக்கிறது. ஒவ்வொரு கணக்கும் சராசரி இரண்டு தடவை பார்த்ததாக அதே அறிக்கையின் அடியில் இருந்தது. அப்படியென்றால் சுமன் ஒருவனே ஆறு தடவை பார்த்திருப்பான். இரண்டு ஏக்கர் வயலும் மண்வெட்டியும் வைத்திருக்கிற வடிவம்மா ஒரு தடவையும் பார்க்கவில்லை.

"நீயும் வா" என்றாள்.

"நான் ஏன்? புது பேஸ்புக்?"

"வா எண்டன்!"

ஸ்கூட்டியில் தேனுகா முன்னே, பின்னால் வடிவம்மா, சுமன் சைக்கிளில். போகிற வழியில் கிராம அலுவலரின் கந்தோரில் இறங்கி ஒரேயொரு எண்ணை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள். கமக்காரர் அமைப்பின் கட்டடத்துக்குப் போய்ச் சேர மூன்று மணி. உள்ளே நிர்வாகக் கூட்டம். தலைவர் நடராசா, இளைப்பாறிய தபாலதிபர், மேசையின் தலைப்பில் இருந்தார். பிரதாபனும் மற்றவர்களுமாக மொத்தம் ஒன்பது பேர். அவர்கள் தலைக்கு மேலே, சுவரில், அவள் லமினேற் அடித்த அறிக்கை தொங்கியது. அதைக் கண்டவுடன் மீதிப் பொறுமையும் போய்விட்டது.

"உதைக் கழட்டுங்கோ!"

"என்ன தேனுகா, வணக்கம் இல்லையோ?" என்றார் பிரதாபன்.

"வணக்கம். கழட்டுங்கோ. அது பிழை. நான்தான் பிழையா அடிச்சனான். அது பேர் இல்லை, கணக்கு."

"என்ன கணக்கு? எந்த வருசத்துக் கணக்கு?" என்று பொருளாளர் பாதி எழும்பிவிட்டார்.

"இருங்கோ அண்ணை, காசுக் கணக்கில்லை. பேஸ்புக் கணக்கு. அதிலை ஆறாயிரத்து முந்நூற்று எண்பது கணக்கு எண்டுதான் வந்தது. நீங்கள் இப்பிடி எழும்புவியள் எண்டு பயந்துதான் பேர் எண்டு மாத்தினனான்."

பிரதாபன் சிரித்தார். கொம்பியூட்டர் டிப்ளோமா முடித்தவர் அவர். சிரிப்பில் அது தெரியும். "கணக்கு எண்டா என்ன, பேர் எண்டா என்ன? ஆளுக்கொரு கணக்குத்தானே. ஊர்ச் சனமே அஞ்சாயிரத்துச் சொச்சம். அதையும் தாண்டிப் போயிருக்கு. ஒரு ஆளும் மிஞ்சேல்லை எண்டதுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

"தாண்டினதுதான் பிழைக்கு அத்தாட்சி!" தேனுகாவின் குரல் கூரைத் தகட்டில் பட்டுத் திரும்பியது. "அஞ்சு லீற்றர் கானிலை ஆறு லீற்றர் பால் கறந்தன் எண்டு ஒருதன் வந்தா, மாடு நல்ல மாடு எண்டோ சொல்லுவியள்? அளந்த கோப்பையைத்தானே பாப்பியள்? விளம்பரம் போனது பதினெட்டு வயசுக்கு மேலை. உங்கடை அஞ்சாயிரத்திலை பால்குடிப் பிள்ளையும் கிடக்கு. கிராம அலுவலரிட்டைக் கேட்டுக்கொண்டுதான் வாறன். பதினெட்டுக்கு மேலை மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்தான். மிச்சம் இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் பேரும் எங்கை இருக்கினம்? குளத்துக்குள்ளையோ?"

மூலையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிரதாபனின் முகம் இறுகியது.

"இப்ப விளங்குது. புருசன்ரை ஓட்டோவுக்கு ஹயர் இல்லாமல் போச்சு. அதுதான் இந்தக் கூத்து."

தேனுகாவின் கை மேசை விளிம்பைப் பற்றியது. வடிவம்மா அவளுடைய முழங்கையைத் தொட்டார். அந்தத் தொடுகை மட்டும் இல்லாவிட்டால் மேசை அந்தரத்தில் போய் வரம்பில் விழுந்திருக்கும். மேசையோ பாலைமரம், நாலு பேர் தூக்க வேண்டியது. ஆனாலும் அன்று அவளை நம்ப முடியாது.

"தலைவர் ஐயா, ஒரு சின்னக் காரியம் செய்து பாப்பம். பிறகு நான் ஓட்டோவுக்குத்தான் வந்தனானோ எண்டு நீங்கள் சொல்லுங்கோ" என்றாள் பல்லுக்குள்ளால். "இந்த அறையிலை நீங்கள் ஒன்பது பேர். ஒவ்வொருத்தரும் தாங்கள் பாவிக்கிற பேஸ்புக் எத்தினை எண்டு சொல்லட்டும். பொய் சொல்லவேண்டாம். பாதிப் பேருக்குப் போட்டுத் தந்தது நான்தான். கொப்பி கையிலை கிடக்கு."

கொப்பியைத் தூக்கிக் காட்டினாள். திறக்கவில்லை. அதற்குள் இருப்பதை ஒருவர் முன்னால் ஒருவருக்குக் காட்டுகிறவள் அல்ல அவள். ஆனால் திறப்பாளோ என்ற பயமே போதுமாயிருந்தது. பொருளாளர் முதலில் சொன்னார்: இரண்டு. அடுத்தவர் ஒன்று, அடுத்தவர் மூன்று. ஒருவர் ஒன்று என்று சொல்லி, கொப்பியைப் பார்த்து, இரண்டு என்று திருத்தினார். அதற்கடுத்தவர் நான்கு என்று தரையைப் பார்த்துச் சொன்னார்; ஏன் நான்கு என்று அவருடைய மச்சான் கேட்க, "நீ உன்ரை அலுவலைப் பார்" என்றார். அவருக்கு அடுத்தவர் ஒன்று.

"செயலாளர்?"

பிரதாபன் இருமினார். "என்ரை ஒண்டு. அமைப்புக்கு ஆள் பேரிலை ஒண்டு. பிறகு பழையது ஒண்டு, பூநகரியிலை வேலை செய்யேக்கை போட்டது. அது சும்மா கிடக்கு, எப்பவாவது பாப்பன்."

"எல்லாத்திலையும் விளம்பரம் வந்ததோ?"

"வந்தது."

"மூண்டு பேர் நீங்கள். தலைவர் ஐயா?"

நடராசா சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்து மேசையில் வைத்தார். "எனக்கு உது ஒண்டும் இல்லைப் பிள்ளை." அவருக்குப் பக்கத்திலிருந்த வயதான உறுப்பினரும் இல்லையென்று கை விரித்தார்.

தேனுகா கூட்டினாள். "ரெண்டும் ஒண்டும் மூண்டும் ரெண்டும் நாலும் ஒண்டும் மூண்டும். பதினாறு. ஒன்பது பேர் இருக்கிற அறையிலை பதினாறு பேருக்கு அறிவிச்சாச்சு. சுவரிலை தொங்கிறதைப் போல எழுதி நீல மையாலை கையெழுத்தும் வைக்கலாம், 'அனைவருக்கும் அறிவிக்கப்பட்டது' எண்டு. ஆனா தலைவருக்கே போகேல்லை!"

நடராசா மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். "மெய்தான். நான் கையெழுத்து வைச்ச அறிவித்தல். நான் காணேல்லை."

"இவன் சுமன்" என்று அவனை முன்னால் இழுத்தாள். "மூண்டு பேர். அதிலை ஒரு ஆள் பொம்பிளை."

"அக்கா!" என்றான் சுமன்.

"அதோடை, நான் போட்ட வட்டத்துக்குள்ளை ஏ-ஒன்பது வீதி கிடக்கு. அங்கை இருக்கிற ஆக்களை மட்டுமில்லை, அண்மையிலை வந்து போன ஆக்களையும் அது சேர்க்கும். யாழ்ப்பாணம் போற பஸ்ஸிலை போனை நோண்டிக்கொண்டு போனவனும் உங்கடை ஆறாயிரத்திலை ஒருதன். விளம்பரத்துக்குக் கீழை ஒருதர் எழுதினதைக் கண்டனீங்களோ? 'இது எந்த ஊர்?' எண்டு கேட்டிருக்கிறார். அவருக்கும் அறிவிச்சாச்சு, சிறுபோகத்துக்குப் பதியச் சொல்லி! அந்த வட்டம் அடுத்த குடியிருப்பையும் கொஞ்சம் தின்னும். சனத்தொகைக் கணக்கோடை ஒப்பிடவேண்டாம் எண்டு விளம்பரம் போடுற இடத்திலையே எழுதிக் கிடக்கு. நான் வாசிக்கேல்லை. எண்ணைப் பாத்து வாயைப் பிளந்துகொண்டு இருந்திட்டன்."

பிரதாபன் விடுகிறவராக இல்லை. பேனையை எடுத்தார். "சரி. இந்த அறைக் கணக்குப்படி ஆளுக்கு ரெண்டு மட்டில வருது. அப்ப ரெண்டாலை பிரிப்பம். மூவாயிரத்து நூற்றித் தொண்ணூறு. பெரியாக்கள் மூவாயிரத்து அறுநூறு. அப்பவும் பத்திலை ஒன்பது பேருக்குப் போயிருக்கு. மிச்சத்துக்கு நான் என்ன செய்ய?"

சொல்லிவிட்டு எல்லோரையும் பார்த்தார். சிலர் தலையாட்டினார்கள். கணிதம் என்று வந்தால் தலையாட்டுவது வழக்கம்தானே.

"எப்பிடிப் பிரிப்பியள்?" தேனுகா கிட்டப் போனாள். "எல்லாருக்கும் ரெண்டு ரெண்டாவே கிடக்கு? இளந்தாரிப் பெடியனுக்கு நாலு. வயசு போன மனிசருக்கு ஒண்டுமில்லை. பஸ்ஸிலை போனவனை எதாலை பிரிக்கப் போறியள்? சராசரி எடுத்துச் சனத்துக்குப் பங்கு போடேலாது அண்ணை. ஒன்பதாம் வாய்க்காலிலை வீட்டுக்கு ஒரு போன், அதுவும் பட்டன் போன். அவைக்கு வந்தது ரெண்டாலை பிரிச்சாலும் சைபர், பத்தாலை பெருக்கினாலும் சைபர்!"

"ஒரு நல்ல போன் கூடவா இல்லை?"

வடிவம்மா அதுவரை கதவோரம் நின்றவர். அவரே பதில் சொன்னார். "ஒண்ணு இருந்திச்சு தம்பி. எம் மகன்ட போன். அவன் மேசன் வேலைக்கு வவுனியா போயிட்டான். போனையும் கொண்டு போயிட்டான். வயலக் கொண்டு போகல."

"உங்கடை ஆக்கள் எப்பவும் பிந்தித்தான் வாறது. இதுவும் புதுசில்லை" என்றார் பிரதாபன்.

"எங்க ஆளுங்கன்னா யாரு?" வடிவம்மாவின் குரல் உயரவில்லை. "நாப்பத்தெட்டு வருசம் இந்த வாய்க்காத் தண்ணி குடிச்சிருக்கேன். தண்ணி எப்பவும் எங்களுக்குத்தான் கடைசில வரும். அதுக்கு நாங்க பழகிட்டோம், கடைசி வாய்க்கா இல்லியா. சேதியும் கடைசிலயாவது வரணும்ல? வராமலே வந்திச்சுனு எழுதி வச்சா எப்பிடி?"

தேனுகா அழ மனமில்லாமல் கோபத்தையே வெளியே விட்டாள்.

"முகாமிலையும் இப்பிடித்தான். பேரில்லை எண்டு சொல்லிறவைக்கு ஒரு கடதாசி இருக்கும். அந்தக் கடதாசியை அடிச்சது ஆரெண்டு அப்ப எனக்குத் தெரியாது. இந்தக் கடதாசியை அடிச்சது நான்." சுவரருகே போனாள். லமினேற்றைக் கழற்றினாள். மேசையிலிருந்த தடித்த கறுப்புப் பேனையால் 'பேர்' என்ற சொல்லைக் கீறி, மேலே 'கணக்குகள்' என்று எழுதினாள். நீல மை வரிக்கு மேலே ஒரு பெரிய குறுக்குக் கோடு. "இப்ப சரி. இனித் தொங்கவிடுங்கோ."

நடராசா அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். தபாற்கந்தோரில் முப்பது வருசம் இருந்தவர். விலாசதாரர் இல்லாத கடிதத்தை 'சேர்ப்பிக்கப்பட்டது' என்று எழுதுவது என்ன குற்றம் என்று அவருக்குத் தெரியும்.

"பட்டியல் நாளைக்குப் பத்து மணிக்குத்தானே போகவேணும்" என்றார். "இன்னும் போகேல்லை. நாளைக் காலமை ஆறரைக்கு ஒன்பதாம் வாய்க்கால் கட்டிலை பதிவு. அங்கை நானும் நிப்பன். பிரதாபன், நீரும் வாரும். இண்டைக்குப் பொழுதுபடமுன்னம் ஓட்டோ போகவேணும்."

"பாத்தியளே, கடைசியிலை ஓட்டோ" என்று பிரதாபன் முணுமுணுத்தார்.

"ஓம், ஓட்டோதான்!" என்றாள் தேனுகா. "அது ஆறாயிரம் பேருக்குச் சொல்லாது. படலையிலை நிண்டு கேக்கிற மனிசிக்குச் சொல்லும். ஹயரும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம்."

சதீஸ் அன்று ஓட்டோவைத் துடைத்து முடித்திருந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்தவன் மறுபேச்சுப் பேசவில்லை. ஒலிவாங்கியை ஊதிப் பார்த்துவிட்டுக் கிளம்பினான். ஒன்பதாம் வாய்க்காலில் அவனுடைய குரல் கேட்டு நாய்கள் ஓடின, பிள்ளைகள் ஓடினார்கள், கொக்குகள் எழும்பிப் பூநகரி வரைக்கும் போய்விட்டன. பூநகரி கொஞ்சம் தூரம்தான். அடுத்த வயல் வரைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நிறுத்தினான். ஒரு கிழவர் காது கேளாதவர். இறங்கிப் போய்ச் சைகையில் தண்ணீர், நாளை, விரல் ரேகை என்று காட்டிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை ஆறரைக்கு வாய்க்கால் கட்டில் உட்கார ஒரு வாங்கும் எழுத ஒரு மேசையும். வெயில் இன்னும் ஏறவில்லை. தேனுகா பேர் எழுதினாள். பெர்மிட், அடையாள அட்டை, ஏக்கர், கையெழுத்து அல்லது பெருவிரல். நடராசா ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைத்தார். பிரதாபன் கொஞ்சம் தள்ளி, மோட்டார்சைக்கிளில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்தபடி நின்றார். அவருடைய மூன்று கணக்குகளில் எதைப் பார்த்தாரோ தெரியாது.

எட்டு மணிக்கு வரிசை முடிந்தது. தேனுகா கடைசிப் பெயரின் கீழ்க் கோடு போட்டாள். இரவு முழுக்க ஆறாத கோபம் இன்னும் கைவிரலில் இருந்தது. கோடு கடதாசியைக் கிழித்துவிட்டது. தாளைத் தூக்கிக்கொண்டு நேரே மோட்டார்சைக்கிளடிக்குப் போனாள்.

"பாருங்கோ. நாப்பத்தேழு பேர். உங்கடை ஆறாயிரத்து முந்நூற்று எண்பதிலை ஒருதரும் இல்லாத நாப்பத்தேழு பேர். எழுத்துப் பிழை இல்லை. கணக்கில்லை, பேர். தண்ணி குடுங்கோ!"

பிரதாபன் தாளை வாங்கினார். வடிவம்மா கிட்ட வந்து அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உதட்டை அசைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். பிறகு விரலை ஒரு இடத்தில் வைத்தார். கீழே இன்னொரு இடத்திலும் வைத்தார்.

"நாப்பத்தாறும்மா" என்றார். "மேல எழுதின வடிவம்மா நாந்தான், பெர்மிட்ல இருக்கிற பேரு. கீழ வடிவாம்பாள்னு எழுதியிருக்கியே, அதும் நாந்தான், ஐடென்டி கார்டுல இருக்கிற பேரு. ஐடென்டி கார்டு காட்டுனு நீ ரெண்டாந்தரம் கேட்டியா, காட்டினேன். நீ இருந்த கோவத்துல மறுபடி எழுதிட்ட. ஒண்ண வெட்டிரு."